36 உணவுப் படங்களை மெனு ஓவியமாக்கப் போய் நான் இழந்த மூன்று வாரங்கள்

ஓர் உணவகத்தின் புதிய மெனுவுக்கு 36 ஓவியங்கள் வேண்டும் என்று என்னிடம் கேட்டபோது, பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். புகைப்படங்களை அவர்களே கொடுத்துவிட்டார்கள். அவற்றைப் பார்த்து ஃபிளாட் ஓவியமாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஃபிளாட் என்றால், வண்ணம் மெல்ல மெல்ல மங்கிப் போகாமல், ஒவ்வொரு பரப்பும் ஒரே சீரான நிறத்தில் இருக்க, சுற்றி ஒரு தெளிவான அவுட்லைன் ஓடும் பாணி. எல்லா ஓவியமும் ஒரே கையால் வரைந்தது போல, ஒரே நிறங்களிலும் ஒரே கோட்டிலும் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர்கள் வைத்த நிபந்தனை. அந்த ஒரே நிபந்தனையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பத்து நாள் வேலை முப்பத்தோரு நாள் ஆனது. பேசிய தொகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, மறுபடி எடுத்த அச்சு மாதிரிகளுக்கும் தாமதத்துக்காக நானே குறைத்துக்கொண்டதற்கும் போய்விட்டது. கேட்க ஆள் இல்லாமல் ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறிக் கற்றேன். யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று அந்த நாள்களில் பலமுறை நினைத்ததால், இப்போது நான் எழுதுகிறேன்.

முதல் தவறு முதல் நாளிலேயே நடந்தது. வெக்டர் மென்பொருளில் புகைப்படத்தைத் தானாகவே வண்ணப் பரப்புகளாகப் பிரித்துக் கொடுக்கும் வசதி உண்டு. Illustrator-இல் அது Image Trace, Inkscape-இல் Trace Bitmap. நான் ஒரு தக்காளி சூப் படத்தை அதில் போட்டு, நிறங்களின் எண்ணிக்கையைப் பன்னிரண்டாகக் குறைத்தேன். அழகாக வந்தது. உண்மையிலேயே அழகாக இருந்தது, அதுதான் சிக்கல். அந்த ஒரு படத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் மீதி முப்பத்தைந்தையும் அதே வழியில் ஓடவிட்டேன். ஒவ்வொன்றிலும் தேவையில்லாத துணுக்குகளை அழித்து, மேலே 1.5 பாயின்ட் கோடு போட்டு, தனித்தனிக் கோப்பாகச் சேமித்து வைத்தேன். எட்டாவது நாள் எல்லாவற்றையும் முதன்முறையாக ஒரே பக்கத்தில் அடுக்கினேன். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. முப்பத்தாறு பேர் வரைந்தது போல இருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று அன்றிரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பன்னிரண்டு நிறம் என்று நான் சொன்னபோது, மென்பொருள் அந்தந்தப் படத்துக்குள் இருக்கும் நிறங்களிலிருந்துதான் பன்னிரண்டைத் தேர்ந்தெடுக்கிறது. பக்கத்துப் படத்தில் என்ன நிறம் எடுத்தோம் என்பது அதற்குத் தெரியாது. ஆக, 36 படத்துக்கு 36 வேறு வேறு வண்ணத் தொகுப்புகள். போதாக்குறைக்கு, பாதிப் புகைப்படங்கள் மஞ்சள் விளக்கொளியிலும் மீதி சன்னல் வெளிச்சத்திலும் எடுக்கப்பட்டவை. ஒரே வெள்ளைத் தட்டு ஓரிடத்தில் வெண்ணெய் நிறமாகவும் இன்னோரிடத்தில் நீலம் கலந்த சாம்பலாகவும் வந்திருந்தது. நிழலும் அப்படித்தான். புகைப்படத்தில் இருக்கும் நிழலை ஒரு பொருளாக நினைத்து, மென்பொருள் அதற்கும் ஒரு வடிவம் வெட்டிக் கொடுத்திருந்தது. வறுத்த கோழிக்குக் கீழே இருந்த நிழல், கோழியோடு ஒட்டிய ஒரு கருகிய துண்டு போலத் தெரிந்தது.

அதற்கப்புறமும் நான் அந்த வழியை விடவில்லை. எட்டு நாள் உழைப்பைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. எல்லாப் படங்களின் நிறங்களையும் ஒரே தொகுப்புக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று Recolor Artwork வசதியில் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அது எந்தப் பழைய நிறத்துக்கு எந்தப் புதிய நிறம் என்று எண்ணளவிலான நெருக்கத்தை வைத்துப் பொருத்துகிறது. இது கோழியின் நிழல், இது மிளகாயின் ஓரம் என்பதெல்லாம் அதற்குத் தெரிய வழியில்லை. கோழியின் கருமையான ஓரங்கள் சிவப்பாக மாறின. நூடுல்ஸின் இடுக்குகள் பச்சையாயின. ஒவ்வொன்றையும் கையால் திருத்தப் போனால், ஒரு கோழித் துண்டில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேலான புள்ளிகள். ஒரு வளைவைப் பிடித்து இழுத்தால் பக்கத்தில் பத்து இடத்தில் கிழிகிறது. பத்தாம் நாள் மாலை, ஒப்படைக்க வேண்டிய நாளில், உணவகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, முதலிலிருந்து தொடங்கப் போகிறேன் என்று சொன்னேன். அந்த அழைப்புக்கு முன் அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உணவகத்தை நடத்தும் அம்மா கோபப்படவில்லை. "எப்போ கிடைக்கும்னு மட்டும் இந்தத் தடவை சரியா சொல்லும்மா" என்றார். அது கோபத்தைவிட வலித்தது.

தானாகப் பிரிக்கும் வசதி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஒரு படம் வேண்டுமானால், அல்லது கறுப்பு மையில் வரைந்த கோட்டோவியத்தை வெக்டராக்க வேண்டுமானால் அது நன்றாகவே உதவும். ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய ஒரு தொகுதிக்கு அது ஏற்றதல்ல. உங்களிடம் ஐந்துக்கு மேற்பட்ட உணவுகள் இருந்தால், புகைப்படத்தை அடியில் வைத்து மேலே பேனா கருவியால் வரைவதுதான் கடைசியில் விரைவான வழி. அதைச் செய்யும் முன் மூன்று முடிவுகளை எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: எந்தெந்த நிறங்கள், எவ்வளவு தடிமன் கோடு, எந்தக் கோணம்.

நிறத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என்னுடைய நேரத்தை அதிகம் தின்றது அதுதான். உணவு பெரும்பாலும் பழுப்பு, மஞ்சள், ஆரஞ்சு வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வறுத்தது, சுட்டது, வேகவைத்தது எல்லாம் அங்கேதான். புகைப்படத்தில் எண்ணெய்ப் பளபளப்பும் நுண்ணிய துகள்களும் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். ஃபிளாட்டாக்கும்போது அதெல்லாம் போய்விடும். அதனால் இரண்டு பழுப்புகள் அருகருகே வந்தால் ஒன்றாகக் கரைந்துவிடும். நான் கடைசியில் 14 நிறங்களில் நின்றேன். அவுட்லைனுக்கு ஒன்று. தட்டுக்கு வெள்ளைக்கு நெருக்கமான ஒன்றும் அதன் நிழலும். பழுப்பில் வெளிர், நடு, அடர் என மூன்று. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை ஒவ்வொன்றிலும் ஒரு அடிநிறமும் ஒரு நிழல்நிறமும். இதில் எதையும் புகைப்படத்திலிருந்து உறிஞ்சி எடுக்கவில்லை. ஐட்ராப்பர் கருவியை இந்த வேலையில் புகைப்படத்தின் மேல் வைக்கவே கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். புகைப்படம் வடிவத்தைச் சொல்லட்டும், நிறத்தை அந்தப் பதினான்குதான் சொல்ல வேண்டும்.

நிழல்நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அடிநிறத்தில் கறுப்பைக் கலந்து இருட்டாக்குவது எல்லோருக்கும் முதலில் தோன்றும். மஞ்சளில் கறுப்பு கலந்தால் பாசி படிந்த பச்சைச் சாயல் வரும். சோற்றிலோ ரொட்டியிலோ அந்தச் சாயல் வந்தால் கெட்டுப்போன உணவு போல இருக்கும். மஞ்சளின் நிழலை ஆரஞ்சுப் பக்கமாகவும், ஆரஞ்சின் நிழலைச் சிவப்புப் பக்கமாகவும் நகர்த்திப் பாருங்கள், உணவு சூடாகத் தெரியும். எடுத்த நிறங்கள் போதிய இடைவெளியில் இருக்கின்றனவா என்று பார்க்க, முழுப் பக்கத்தையும் ஒரு முறை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அடிநிறமும் நிழல்நிறமும் அப்போதும் வேறு வேறாகத் தெரிய வேண்டும். என் முதல் தொகுப்பில் நடுப் பழுப்பும் சிவப்பும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாக வந்தன. தக்காளி வைத்த கோழித் தட்டில் எது எது என்று தெரியாததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பதினான்கையும் Global என்ற குறியோடு ஸ்வாட்சாகச் சேமித்தேன். இந்தச் சின்னக் குறி இல்லையென்றால் நிறத்தைப் பின்னால் மாற்றும்போது ஒவ்வொரு வடிவமாகப் போய் மாற்ற வேண்டியிருக்கும். குறி இருந்தால் ஸ்வாட்சை ஓரிடத்தில் திருத்தினால் போதும், அதைப் பயன்படுத்திய எல்லா வடிவமும் சேர்ந்து மாறும். ஆனால் அது ஒரே கோப்புக்குள் மட்டும்தான் நடக்கும். அதனால் 36 தனிக் கோப்பு என்ற பழக்கத்தை விட்டு, ஒரே கோப்பில் 36 ஆர்ட்போர்டு வைத்தேன். கோப்பு கனமாகும், அடியில் இருக்கும் புகைப்படங்களை இணைப்பாக மட்டும் வைத்தால் சமாளிக்கலாம்.

அடுத்தது கோடு. என் பழைய ஓவியங்கள் எல்லாவற்றிலும் 1.5 பாயின்ட் கோடுதான் போட்டிருந்தேன், அப்படியிருந்தும் மெனுவில் வைத்தால் ஒன்று தடியாகவும் ஒன்று மெலிந்தும் தெரிந்தது. காரணம் எளிது, கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் ஆனது. பெரிய கிண்ணத்தை 200 மில்லிமீட்டர் அகலத்திலும், சட்னிக் கிண்ணம் அளவே உள்ள ஒரு சின்னக் குவளையை 60 மில்லிமீட்டர் அகலத்திலும் வரைந்திருந்தேன். மெனுவில் இரண்டுமே 30 மில்லிமீட்டர். முதலாவது 15 சதவீதத்துக்குச் சுருங்கும்போது கோடு 0.225 பாயின்ட் ஆகிவிடும். இரண்டாவது பாதியாகச் சுருங்கினால் கோடு 0.75 பாயின்ட். ஒன்று மற்றதைவிட மூன்று மடங்குக்கும் மேல் தடிமன்.

இதற்கு நான் கண்ட தீர்வு, எல்லா ஆர்ட்போர்டையும் மெனுவில் வரும் அளவைப் போல நான்கு மடங்காக, அதாவது 120 மில்லிமீட்டராக, ஒரே அளவில் வைப்பது. வெளிக்கோடு 3 பாயின்ட், உள்ளே வரும் விவரக் கோடுகள் 2 பாயின்ட். மெனுப் பக்கத்தில் எல்லாவற்றையும் சரியாக 25 சதவீதத்தில் வைத்தால் வெளிக்கோடு 0.75 பாயின்ட், உள்கோடு 0.5 பாயின்ட். மில்லிமீட்டரில் சொன்னால் முறையே கால் மில்லிமீட்டரும் அதைவிடக் கொஞ்சம் மெல்லியதும். பக்கத்தை வடிவமைப்பவர் வேறொருவர் என்றால் இதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். படத்தைச் சட்டத்துக்குள் பொருத்து என்று ஒரு பொத்தானை அழுத்தினால், ஒவ்வொரு படமும் ஒவ்வொரு சதவீதத்தில் போய் உட்காரும், நீங்கள் கட்டிக் காத்த தடிமன் ஒரு நொடியில் கலைந்துவிடும். ஒரு படம் சின்னதாக வேண்டுமென்றால் அதை ஆர்ட்போர்டுக்குள்ளேயே சின்னதாக வரைய வேண்டும், கோட்டின் தடிமனை மாற்றாமல். அப்படிச் சுருக்கும்போது Illustrator-இல் Scale Strokes & Effects என்ற தேர்வு அணைந்திருக்க வேண்டும். Inkscape-இல் இதற்கு Scale stroke width என்று பெயர். கோட்டின் முனையும் மூலையும் எல்லாவற்றிலும் வட்டமாக இருக்கட்டும். ஒன்றில் கூர்மையாகவும் ஒன்றில் வட்டமாகவும் இருந்தால், தடிமன் ஒன்றாக இருந்தும் கை மாறியது போலத் தெரியும்.

கோடுகள் சரியாக இருக்கின்றனவா என்று கண்ணால் தேடாதீர்கள். ஒரு வெளிக்கோட்டைத் தேர்ந்தெடுத்து, Select > Same > Stroke Weight கொடுத்தால் அதே தடிமனில் உள்ள எல்லாம் தேர்வாகும். அவற்றை மறைத்துவிட்டு உள்கோடுகளுக்கும் அப்படியே செய்தால், திரையில் மிஞ்சி நிற்கும் கோடுகள்தான் தவறானவை. எனக்கு முதல் தடவை பதினேழு கோடுகள் மிஞ்சின. அதில் பாதி, நான் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு நகலெடுத்தபோது சுருக்கியவை.

மூன்றாவது கோணம். கொடுக்கப்பட்ட புகைப்படங்களில் சில நேர் மேலிருந்து எடுக்கப்பட்டவை, சில சாய்வாக, சில மேசை மட்டத்திலிருந்து. நிறமும் கோடும் எவ்வளவு பொருந்தினாலும், ஒரு தட்டு முழு வட்டமாகவும் பக்கத்தில் இருப்பது ஒடுங்கிய நீள்வட்டமாகவும் இருந்தால் தொகுதி உடைந்துவிடும். நான் தட்டின் அகலம் 100 என்றால் உயரம் 60 என்று ஒரே நீள்வட்டத்தை முடிவு செய்து, எல்லா ஆர்ட்போர்டிலும் அதையே வைத்தேன். சாய்வாக எடுத்த படங்கள் அதில் எளிதாகப் பொருந்தின. மேலிருந்து எடுத்தவற்றைச் சும்மா ஒடுக்கினால் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் அந்தப் படத்தில் உணவின் உயரம் பதிவாகவே இல்லை. ஒன்பது உணவுகளுக்குச் சாய்வான கோணத்தில் போனிலேயே படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை என்றேன், வடிவம் தெரிந்தால் போதும். அடுத்த இரண்டு நாளில், சமைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பிவிட்டார்கள். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும்.

ஒரு தட்டை முழுதாகச் சொல்கிறேன். வறுத்த கோழியும் சோறும். இரண்டாம் முறை வரைந்தபோது இதைத்தான் முதலில் எடுத்தேன், ஏனென்றால் இதில் எல்லாச் சிக்கலும் இருந்தது. புகைப்படத்தின் வெள்ளைச் சமநிலையைத் தட்டின் ஓரத்தை வைத்துச் சரிசெய்தேன். நிறத்துக்காக இல்லை, மஞ்சள் மூட்டத்தில் சோற்றின் ஓரம் தெரியவில்லை என்பதற்காக. பிறகு படத்தின் Opacity-ஐ 40 சதவீதமாகக் குறைத்து மங்கலாக்கி, அந்த லேயரைப் பூட்டினேன். தட்டின் நீள்வட்டத்தை வைத்துவிட்டு, கோழியின் வெளி உருவத்தை இருபது புள்ளிகளுக்குள் வரைந்தேன். எலும்பு முனை, சதையின் உப்பல், பொரிந்த ஓரத்தின் மேடுபள்ளம், இந்த மூன்றும் இருந்தால் அது கோழிக்கால் என்று தெரிந்துவிடும். அடிநிறம் நடுப் பழுப்பு. வெளிச்சம் எல்லா ஓவியத்திலும் மேல் இடப்பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று வைத்துக்கொண்டதால், கீழ் வலப்பக்கம் அடர் பழுப்பில் ஒரே ஒரு நிழல் வடிவம். மேல் இடப்பக்கம் வெளிர் பழுப்பில் ஒரே ஒரு ஒளி வடிவம். பொரிந்த தன்மைக்கு ஏழு சின்னக் கீற்றுகள், அவையும் நிழலும் அடிநிறமும் சேரும் எல்லையை ஒட்டி மட்டும். கீற்றுகளை முழுக்கத் தூவியபோது கோழிக்கு அம்மை போட்டது போலிருந்தது. எல்லையில் மட்டும் வைத்தால் மீதியைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்கிறது.

சோறுதான் என்னை அதிகம் படுத்தியது. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு. பருக்கை பருக்கையாக வரைந்தால் 30 மில்லிமீட்டரில் அது அழுக்குப் புள்ளிகளாகிவிடும். குவியலாக ஓர் உருவம் மட்டும் போட்டால் மாவு உருண்டை போல இருக்கிறது. கடைசியில் குவியலின் மேல் ஓரத்தில் மட்டும் வெளிக்கோட்டைப் பருக்கை வடிவில் நெளியவிட்டு, உள்ளே பத்துப் பருக்கைகளை உள்கோட்டால் வரைந்து, குவியலுக்குக் கீழே தட்டின் மேல் தட்டின் நிழல்நிறத்தில் ஒரு பட்டை போட்டேன். அந்தப் பட்டைதான் சோற்றைத் தட்டிலிருந்து தூக்கிக் காட்டியது. கோழியும் சோறும் தொடும் இடத்தில் பிரிவு இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று நடுவே ஒரு பச்சை இலையைச் செருகினேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. அனுப்பியதும் அந்த அம்மா அழைத்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா இந்தத் தட்டுல நாங்க இலையே வைக்கிறதில்லையே. படத்தைப் பார்த்துட்டு வந்து இலை எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்?" அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மெனுவில் இருக்கும் ஓவியம் ஒரு வாக்குறுதி. இலையை எடுத்துவிட்டு, கோழியின் நிழல் சோற்றின் மேல் விழுவது போல மஞ்சளின் நிழல்நிறத்தில் ஒரு சின்ன வடிவம் வைத்தேன், பிரிவு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் அதில் என்னென்ன இருக்கிறது என்று சமையல்காரர் வாயால் கேட்டு எழுதிக்கொண்டு வரைந்தேன். புகைப்படத்துக்காக அலங்காரமாக வைத்த நான்கு பொருள்கள் அப்படித்தான் நீங்கின.

முதல் மூன்றை மட்டும் வரைந்து காட்டி ஒப்புதல் வாங்கியதையும் சொல்ல வேண்டும். வெளிறிய ஒன்று, அடர்ந்த ஒன்று, நிறையப் பொருள்கள் உள்ள ஒன்று என்று தேர்ந்தெடுத்தேன்: முட்டை, வறுத்த கோழி, காய்கறி சாலட். இந்த மூன்றும் ஒரே தொகுப்பில் நின்றால் மற்றவை நடுவில் எங்காவது பொருந்திவிடும். சாலட்டில் ஒரே பச்சையில் மூன்று காய்கள் வந்தன. வடிவத்தையும் உள்கோட்டையும் வைத்தே பிரித்தேன், புதிய பச்சை சேர்க்கவில்லை. ஒன்று சேர்த்தால் அடுத்த தட்டுக்கு இன்னொன்று கேட்கும்.

இருபத்திநான்காம் நாள் எல்லாம் முடிந்து அச்சு மாதிரிக்குக் கொடுத்தேன். வந்த தாளைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். திரையில் துள்ளிய பச்சை வாடிப்போயிருந்தது. அவுட்லைன் எல்லாம் ஓரத்தில் இளஞ்சிவப்புப் பிசிறோடு மங்கலாக இருந்தது. பச்சையின் காரணம் என் கோப்பு திரைக்கான ஆர்ஜிபி முறையில் இருந்தது. அச்சில் பயன்படும் நான்கு மைகளால் அந்தத் துள்ளல் பச்சையையும் ஆரஞ்சையும் தர முடியாது. கோப்பை முதலிலேயே சிஎம்ஒய்கே முறையில் தொடங்கியிருந்தால், கிடைக்காத நிறத்தைத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டேன். கோட்டின் காரணத்தை அச்சகத்தில் இருந்த பெரியவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். நான் ஆசைப்பட்டு வைத்த அடர் பழுப்புக் கோடு நான்கு மையும் கலந்து வருவது. கால் மில்லிமீட்டர் கோட்டில் நான்கு மைகளும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஒரு மை ஓரத்தில் எட்டிப் பார்க்கும். "மெல்லிசு கோடுன்னா ஒரே மையில போடும்மா" என்றார்.

ஒரே மை என்றால் கறுப்பு. கறுப்பின் அளவை 80 சதவீதமாக்கி மென்மைப்படுத்தலாமா என்று கேட்டேன். அதுவும் கூடாது, சதவீதம் குறைந்தால் அச்சில் அது புள்ளிகளாக மாறும், மெல்லிய கோட்டின் ஓரம் ரம்பம் போலாகும் என்றார். பழுப்பையே தனி மையாகக் கலந்து ஐந்தாவதாக அடிக்கலாம், ஆனால் அதற்குத் தனித் தகடு, தனிச் செலவு. அதனால் முழுக் கறுப்பு, மற்ற நிறங்களின் மேலேயே விழும்படி ஓவர்பிரின்ட் போட்டு. கறுப்பு கடுமையாக இருக்கும் என்று பயந்தேன். அடியில் இருக்கும் மஞ்சளும் பழுப்பும் கறுப்போடு சேர்ந்ததால் கோடு எதிர்பார்த்ததைவிடக் கதகதப்பாகத் தெரிந்தது. ஸ்வாட்ச் Global ஆக இருந்ததால் 36 ஓவியத்தின் கோட்டு நிறத்தையும் ஒரு நிமிடத்தில் மாற்ற முடிந்தது. எல்லாக் கோடுகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஓவர்பிரின்ட் போட்டதும் அப்படித்தான். இரண்டாவது மாதிரிக்கு முன், பதினான்கு நிறங்களையும் அவற்றின் மேல் ஓடும் கோட்டையும் மட்டும் ஒரு சின்னத் தாளில், மெனுவுக்கான அதே காகிதத்தில் அடித்துப் பார்த்தேன். பளபளப்பில்லாத காகிதம் மையை உறிஞ்சி நிறத்தை மங்கலாக்கும் என்பதால் பழுப்புகள் மூன்றையும் ஒரு படி வெளிர வைக்க வேண்டியிருந்தது. இந்தச் சின்னத் தாளை வரையத் தொடங்கும் முன்பே அடித்திருக்க வேண்டும், அதன் செலவு முழு மாதிரியின் செலவில் ஒரு சிறு பகுதிதான்.

முப்பத்தோராம் நாள் ஒப்படைத்தேன். நான்கு மாதம் கழித்து நான்கு புதிய உணவுகள் சேர்க்க வேண்டும் என்று அதே அம்மா அழைத்தார். அதே கோப்பைத் திறந்து, அதே நீள்வட்டத்தை வைத்து, மூன்றை ஒரே நாளில் முடித்தேன். நான்காவது பீட்ரூட் சூப். பதினான்கில் எதிலும் அந்த நிறம் இல்லை. சிவப்பில் போட்டால் தக்காளி சூப்போடு குழம்பும். அரை நாள் யோசித்து ஊதாச் சிவப்பில் ஒரு அடிநிறமும் ஒரு நிழல்நிறமும் சேர்த்தேன். ஆனால் 40 ஓவியத்தில் ஒரே கிண்ணம் மட்டும் அந்த நிறத்தில் தனித்து நின்றது. சாலட்டிலும் நூடுல்ஸிலும் வெங்காயம் ஊதா நிறத்தில்தான் இருந்தது, அதுவரை நான் அதை வெளிர் பழுப்பில் போட்டிருந்தேன். அந்த இரண்டு இடத்திலும் வெங்காயத்தின் விளிம்புக்குப் புதிய நிறத்தைக் கொடுத்ததும் சூப் கிண்ணம் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.